கணக்கில் 470 ஓம், மேஜையில் 554: ஆப்-ஆம்ப் ஜைரேட்டரின் உள்ளே

கம்பி சுற்றாமலே இன்டக்டர் போல நடந்துகொள்ளும் சுற்றுதான் ஜைரேட்டர். முதன்முதலில் நான் கட்டிய ஜைரேட்டர் வேலை செய்தது. ஆனால் கணக்குப்படி வேலை செய்யவில்லை. 1 வோல்ட் சைன் அலையை 10 கிலோ ஓம் வழியாகக் கொடுத்து, ஜைரேட்டரையும் 56 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் தொடராக கிரவுண்டுக்கு இறக்கியிருந்தேன். 1 கிலோ ஹெர்ட்ஸ் பக்கத்தில் சிக்னல் ஒரு பள்ளத்தில் விழ வேண்டும், பள்ளத்தின் அடியில் 45 மில்லி வோல்ட் மிஞ்ச வேண்டும். பள்ளம் சரியான இடத்தில் வந்தது. அடியில் மிஞ்சியது 53.

எட்டு மில்லி வோல்ட்தானே என்று விட்டிருக்கலாம். முதலில் கெப்பாசிட்டர்மேல் பழி போட்டேன், மாற்றிப் பார்த்தேன். பள்ளம் கொஞ்சம் நகர்ந்ததே தவிர ஆழம் மாறவில்லை. ஜைரேட்டருக்குள் இருக்கும் சின்ன ரெசிஸ்டரைக் கழற்றி மீட்டரில் அளந்தேன். அது ஒழுங்காக 470 ஓம்தான். அப்போதுதான் புரிந்தது, தப்பு பாகங்களில் இல்லை, நான் மனப்பாடம் செய்திருந்த சூத்திரத்தில் இருக்கிறது என்று. `L = R × RL × C` என்று எல்லோரும் எழுதுவது பொய் இல்லை, பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சுற்று மிகச் சின்னது. ஒரு ஆப்-ஆம்ப், அதன் வெளியீட்டை அப்படியே மைனஸ் உள்ளீட்டுக்குத் திருப்பிவிட்டிருக்கிறோம். அதாவது வெறும் வோல்டேஜ் ஃபாலோயர். உள்ளீட்டு முனையிலிருந்து C என்ற கெப்பாசிட்டர் ஆப்-ஆம்ப்பின் பிளஸ் காலுக்குப் போகிறது. பிளஸ் காலிலிருந்து R என்ற பெரிய ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு. அதே உள்ளீட்டு முனையிலிருந்து RL என்ற சின்ன ரெசிஸ்டர் ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டுக்கு. அவ்வளவுதான். என் மேஜையில் R 100 கிலோ ஓம், RL 470 ஓம், C 10 நானோ ஃபாரட், ஐசி பழைய 741.

ஜைரேட்டர் என்ற பெயரையும் கருத்தையும் 1948-இல் தந்தவர் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தின் பெர்னார்ட் டெலகன். அவர் சொன்னது முழு இலட்சிய இரு-முனைவாயில் உறுப்பு. நாம் பார்ப்பது அதன் ஏழைச் சொந்தக்காரன்: ஒரே ஃபாலோயரை வைத்து, ஒரு முனை எப்போதும் கிரவுண்டில் இருக்கும்படி, கொஞ்சம் இழப்போடு இன்டக்டர் வேஷம் போடுவது. கிராஃபிக் ஈக்வலைசர்களில் ஒவ்வொரு பேண்டுக்கும் ஒன்றாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

ஏன் காயிலே சுற்றக்கூடாது? மேலே சொன்ன மதிப்புகளைப் பெருக்கினால் 0.47 ஹென்றி வரும். சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு 2000 நானோ ஹென்றி வீதம் தரும் ஃபெரைட் பாட் கோர் கையில் இருந்தாலும் 485 சுற்று சுற்ற வேண்டும். கை வலிப்பது ஒரு பக்கம். பக்கத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை இழுத்துக்கொள்ளவும் காயில் தயாராக இருக்கும்.

சரி, கெப்பாசிட்டரை வைத்துக்கொண்டு எப்படி இன்டக்டர் ஆகிறது? சூத்திரத்துக்கு முன்னால் ஒரு படி வோல்டேஜைக் கொடுத்துப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். உள்ளீட்டில் திடீரென்று 1 வோல்ட் வைக்கிறோம். அந்தக் கணத்தில் கெப்பாசிட்டர் காலியாக இருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ். ஆகவே பிளஸ் காலும் 1 வோல்ட், ஃபாலோயர் என்பதால் வெளியீடும் 1 வோல்ட். இப்போது RL-இன் ஒரு பக்கம் 1 வோல்ட், மறுபக்கமும் 1 வோல்ட். அதில் கரண்ட் ஓட வழியே இல்லை.

அப்புறம் கெப்பாசிட்டர் R வழியாக மெல்லச் சார்ஜ் ஆகிறது. பிளஸ் கால் இறங்குகிறது, வெளியீடும் கூடவே இறங்குகிறது. RL-இன் குறுக்கே வோல்டேஜ் திறக்கிறது, கரண்ட் ஏறுகிறது. கடைசியில் வெளியீடு பூஜ்யத்துக்கு வந்து நிற்கும்போது RL-இல் 1/470, அதாவது 2.1 மில்லி ஆம்பியர். வோல்டேஜ் கொடுத்ததும் கரண்ட் இல்லை. நேரம் போகப்போக ஏறி, ஒரு மின்தடை மட்டும் தடுக்கும் அளவில் நிலைத்துவிடுகிறது. 470 ஓம் கம்பித்தடை உள்ள ஒரு காயில் இதைத்தான் செய்யும். ஏறுவதற்கான நேர மாறிலி R × C, 1 மில்லி செகண்ட். காயிலுக்கு அது L/RL: 0.47-ஐ 470-ஆல் வகுத்தாலும் அதே 1 மில்லி செகண்ட். ஆஸிலாஸ்கோப் ப்ரோபை ஆப்-ஆம்ப் வெளியீட்டில் வைத்து, சதுர அலை கொடுத்தால் இந்த இறக்கம் திரையில் நேரடியாகத் தெரியும்.

ஆனால் ஒரு சின்ன நேர்மையின்மை இருக்கிறது, கவனித்தீர்களா? "கரண்ட் ஓட வழியே இல்லை" என்று RL-ஐப் பற்றித்தான் சொன்னேன். கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்யும் கரண்ட் முதல் கணத்திலேயே ஓடுகிறது: 1 வோல்ட் வகுத்தல் 100 கிலோ ஓம், 10 மைக்ரோ ஆம்பியர். உண்மையான காயில் தொடக்கத்தில் பூஜ்யம் எடுக்கும்; நம் ஜைரேட்டர் பூஜ்யம் அல்ல, 10 மைக்ரோ ஆம்பியர் எடுக்கிறது. என் எட்டு மில்லி வோல்ட் ஒளிந்திருந்த இடம் இதுதான்.

இப்போது கணக்கு. உள்ளீட்டு வோல்டேஜ் V, பிளஸ் காலின் வோல்டேஜ் Vp. ஆப்-ஆம்ப்பின் காலுக்குள் கரண்ட் போவதில்லை என்று எடுத்துக்கொண்டால் C-யும் R-உம் ஒரு சாதாரண வோல்டேஜ் டிவைடர். இங்கே s என்பது jω.

```
Vp = V · sRC / (1 + sRC)
V − Vp = V / (1 + sRC)
```

இரண்டாவது வரிதான் முழுக் கணக்கின் சாவி. வெளியீடும் Vp-தான் என்பதால், RL-இன் குறுக்கே இருப்பதும் C-யின் குறுக்கே இருப்பதும் ஒரே வோல்டேஜ், `V − Vp`. உள்ளே போகும் மொத்தக் கரண்ட் இந்த இரண்டு வழிகளின் கூட்டுத்தொகை.

```
I = (V − Vp)/RL + (V − Vp)·sC
Z = V/I = RL · (1 + sRC) / (1 + s·RL·C)
```

இதில் எந்தத் தோராயமும் இல்லை. ஆப்-ஆம்ப் இலட்சியமானது என்ற ஒரே அனுமானம்தான். பலர் முதல் வரியில் `sC` உள்ள பகுதியை விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் கெப்பாசிட்டர் கரண்ட் சின்னது. விட்டால் கீழே உள்ள பகுதி 1 ஆகிவிடும், Z வெறும் `RL + s·R·RL·C` ஆகிவிடும், நமக்குப் பழக்கமான `L = R·RL·C` வந்து நிற்கும்.

முழுச் சூத்திரத்தைப் படித்தால் கதை வேறு. மிகக் குறைந்த அதிர்வெண்ணில் Z என்பது RL மட்டும், 470 ஓம். `1/(2πRC)` என்ற இடத்தில், நம் மதிப்புகளுக்கு 159 ஹெர்ட்ஸில், மேற்பகுதி விழித்துக்கொண்டு Z ஏறத் தொடங்குகிறது. `1/(2π·RL·C)`, அதாவது ஏறக்குறைய 34 கிலோ ஹெர்ட்ஸில் கீழ்ப்பகுதியும் விழித்துக்கொள்கிறது. ஏற்றம் நின்று Z 100 கிலோ ஓமில் தட்டையாகிவிடுகிறது. ஆக இது 470 ஓமுக்கும் 100 கிலோ ஓமுக்கும் இடையில் ஏறும் ஒரு சாய்வு. சாய்வில் இருக்கும்வரைதான் இன்டக்டர். R-உம் RL-உம் பெரிய வித்தியாசத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இது; இரண்டும் சமம் என்றால் மேலும் கீழும் அடித்துக்கொண்டு Z வெறும் ரெசிஸ்டர் ஆகிவிடும். R-ஐயும் RL-ஐயும் இடம் மாற்றிப் பொருத்தியவர்களுக்கு இன்னும் வேடிக்கை: L-இன் பெருக்கல் மாறாது, ஆனால் அதிர்வெண் ஏற ஏற Z இறங்கும். இன்டக்டர் கேட்டவருக்குக் கெப்பாசிட்டர் கிடைக்கும்.

இதே சூத்திரத்தை இரண்டாகப் பிரித்து எழுதலாம். `RL + s·R·RL·C` ஒரு கிளை, அதற்கு இணையாக `R + 1/(sC)` இன்னொரு கிளை. நாம் கட்டியது ஒரு காயில் மட்டும் அல்ல. ஒரு காயிலும் அதன் குறுக்கே தொங்கும் ஒரு ஆர்-சி தொடரும். மெயின் கிளைக்குப் பக்கத்தில் அந்தத் தொங்கட்டம் எப்போதும் கொஞ்சம் கரண்டைத் தின்றுகொண்டிருக்கும். அந்தத் தீனி வெளியிலிருந்து பார்க்கும்போது கூடுதல் மின்தடையாகத் தெரிகிறது.

எவ்வளவு கூடுதல்? Z-இன் நிஜப் பகுதியைத் தனியாக எடுத்தால்:

```
Re(Z) ≈ RL · (1 + ω²·R·RL·C²)
```

கீழ்ப்பகுதியில் மிஞ்சுவது 1 கிலோ ஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் அதை விட்டுவிட்டேன். இனி நம் சோதனைச் சுற்றுக்கு வருவோம். தொடராக இருக்கும் 56 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரை Cs என்போம். ஒத்ததிர்வில் `ω² = 1/(R·RL·C·Cs)`. மேலே போட்டால் R-உம் RL-உம் அடிபட்டு, அழகான ஒன்று மிஞ்சுகிறது:

```
Re(Z) ≈ RL · (1 + C/Cs)
      = 470 · (1 + 10/56) = 554 ஓம்
```

10 கிலோ ஓமோடு இதை டிவைடராகப் போட்டால் 554/10554, 1 வோல்ட்டுக்கு 52.5 மில்லி வோல்ட். ஸ்கோப்பில் நான் பார்த்த 53 இதுதான். 470 மட்டும் போட்டால் 470/10470, 44.9. என் பாகங்கள் அனைத்தும் நிரபராதி.

பள்ளத்தின் இடத்தையும் பார்த்துவிடுவோம். 0.47 ஹென்றியும் 56 நானோ ஃபாரட்டும் 981 ஹெர்ட்ஸ் தரும். தொங்கும் கிளை L-ஐயும் அரை சதவீதம் போலக் குறைத்துவிடுவதால் உண்மையில் 984 பக்கம் வரும். கெப்பாசிட்டரின் 5 சதவீத டாலரன்ஸுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் சூத்திரத்தின் குறை அதிர்வெண்ணில் தலைகாட்டாமல் ஆழத்தில் மட்டும் தலைகாட்டியது. இன்றும் பழுது தேடும்போது இதைத்தான் முதலில் பார்க்கிறேன்: பள்ளம் இடம் மாறியிருந்தால் கெப்பாசிட்டர்களைச் சந்தேகிப்பேன், இடம் சரியாக இருந்து ஆழம் மட்டும் குறைந்திருந்தால் இழப்பு எங்கே என்று தேடுவேன்.

இழப்பை அளக்க இன்னொரு வழி, பள்ளத்தின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் அதிர்வெண்ணை நகர்த்துவது. 53 மில்லி வோல்ட் 75 ஆகும் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். என் சுற்றில் அவற்றுக்கு இடையே ஏறக்குறைய 190 ஹெர்ட்ஸ் இருந்தது. 984-ஐ அதனால் வகுத்தால் 5.2, பள்ளத்தின் கூர்மையைச் சொல்லும் Q அதுதான். 470 ஓமை நம்பியிருந்தால் 6-க்கு மேல் எதிர்பார்த்திருப்பேன். 10 கிலோ ஓம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருப்பதால்தான் இந்தக் குறுக்குவழி செல்லும்.

சூத்திரம் தெரிந்துவிட்டால் மருந்தும் அதிலேயே இருக்கிறது. கூடுதல் மின்தடையைத் தீர்மானிப்பது C/Cs. ஆகவே C-யைப் பத்தில் ஒரு பங்காக்கி, R-ஐப் பத்து மடங்காக்கினால் L மாறாது, தொங்கட்டம் இளைத்துவிடும். 1 நானோ ஃபாரட், 1 மெகா ஓம்: `470 × (1 + 1/56)`, 478 ஓம். பள்ளத்தில் 45.6 மில்லி வோல்ட்.

ஆனால் 741-ஐ வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். அதன் உள்ளீட்டுப் பயஸ் கரண்ட் சாதாரணமாகவே 80 நானோ ஆம்பியர். 1 மெகா ஓமில் அது 80 மில்லி வோல்ட் டி.சி. ஆகிவிடும், வெளியீடு அந்த அளவு தள்ளியே நிற்கும். டிஎல்072 போல ஜேஃபெட் உள்ளீடு உள்ள ஐசி போட்டால் இந்தத் தொல்லை இல்லை. அப்போதும் பிளஸ் காலில் 1 மெகா ஓம் தொங்குகிறது என்றால், ப்ரெட்போர்டில் விரலைப் பக்கத்தில் கொண்டுபோனாலே 50 ஹெர்ட்ஸ் எட்டிப் பார்க்கும். நான் இடையில் நின்றுகொள்வேன், 220 அல்லது 330 கிலோ ஓமில்.

இதுவரை ஆப்-ஆம்ப்பை இலட்சியம் என்று வைத்துக்கொண்டோம். அது எங்கே உடைகிறது என்பதும் கணக்கில் வரும். நிஜ ஃபாலோயரின் வெளியீடு உள்ளீட்டைவிடச் சற்றுப் பிந்தி வரும். யூனிட்டி கெயின் அதிர்வெண்ணை ft என்போம், 741-க்கு ஏறக்குறைய 1 மெகா ஹெர்ட்ஸ். அந்தப் பிந்தலைச் சூத்திரத்துக்குள் விட்டால், காயிலுக்கு இணையாக ஒரு கெப்பாசிட்டன்ஸ் முளைக்கிறது:

```
Cp = 1 / (2π·ft·RL)
   = 1 / (2π · 10⁶ · 470) ≈ 339 pF
```

நிஜக் காயிலின் சுற்றுகளுக்கிடையே இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் மாதிரியே இதுவும். 0.47 ஹென்றியோடு சேர்ந்து 12.6 கிலோ ஹெர்ட்ஸில் தானாகவே ஒத்ததிரும். அதற்கு மேல் நம் இன்டக்டர் கெப்பாசிட்டராக நடந்துகொள்ளும். முன்னால் சொன்ன 34 கிலோ ஹெர்ட்ஸ் எல்லைக்கு 741 போய்ச் சேரவே இல்லை என்று பொருள். 1 கிலோ ஹெர்ட்ஸில் இதனால் L-இல் வரும் பிழை 0.6 சதவீதம், கண்டுகொள்ள வேண்டாம். அதே பாகங்களை வைத்து Cs-ஐ மட்டும் மாற்றி 10 கிலோ ஹெர்ட்ஸ் பேண்ட் செய்யப் போனால் L ஏறக்குறைய 2.7 மடங்காகத் தெரியும், பள்ளம் கணக்குக்கு வெகு கீழே போய் விழும்.

இதை நேரில் பார்க்க விரும்பினால் Cs-ஐக் கழற்றிவிட்டு, 10 கிலோ ஓமுக்குப் பதில் 100 கிலோ ஓம் வழியாகச் சிக்னலைக் கொடுங்கள். அதிர்வெண்ணை ஏற்றினால் முனை வோல்டேஜ் ஏறிக்கொண்டே வந்து 12 கிலோ ஹெர்ட்ஸ் சுமாரில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். உச்சத்தில் கொடுத்ததில் பாதி அளவு இருக்கும், ஏனென்றால் அங்கே மிஞ்சுவது தொங்கும் கிளையின் 100 கிலோ ஓம்தான். ப்ரோபை 10x-இல் வையுங்கள். 1x-இல் வைத்தால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் 339-ஓடு சேர்ந்து உச்சத்தைக் கீழே இழுத்துவிடும்.

Q வேண்டும் என்று RL-ஐ 47 ஓமுக்கு இறக்குபவர்கள் இந்த Cp-யை மறந்துவிடுகிறார்கள். RL கீழே போனால் Cp பத்து மடங்கு ஏறுகிறது. R-ஐ 1 மெகா ஓமாக்கி அதே 0.47 ஹென்றியைப் பிடித்தாலும், தானாக ஒத்ததிரும் இடம் 12.6-லிருந்து 4 கிலோ ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். 1 கிலோ ஹெர்ட்ஸிலேயே L 7 சதவீதம் போல ஏறித் தெரியும். 3 மெகா ஹெர்ட்ஸ் ஐசி போட்டால் 4 என்பது 7 ஆகும். மூன்று மடங்கு வேகத்துக்கு மூன்று மடங்கு பலன் கிடைக்காது, வர்க்கமூலம்தான்.

கடைசியாக ஒரு எல்லை, எந்த இம்பீடன்ஸ் சூத்திரத்திலும் தெரியாதது. நிஜக் காயிலில் ஒத்ததிர்வின்போது வோல்டேஜ் எவ்வளவு வேண்டுமானாலும் பொங்கலாம். ஜைரேட்டரில் அந்த வோல்டேஜை ஆப்-ஆம்ப் வெளியீடு பின்தொடர வேண்டும், அது பவர் சப்ளையைத் தாண்ட முடியாது. 10 கிலோ ஓம், 1 வோல்ட் சோதனையில் ஜைரேட்டர் மேல் 0.28 வோல்ட்தான் இருந்தது. அதை 1 கிலோ ஓம் வழியாக, 3 வோல்ட் உச்சத்தில் கொடுத்தால்? கரண்ட் 1.9 மில்லி ஆம்பியர், ஜைரேட்டரின் இம்பீடன்ஸ் 2.9 கிலோ ஓம், முனையில் 5.7 வோல்ட் எழ வேண்டும். 9 வோல்ட் பாட்டரியின் நடுவில் உட்கார்ந்திருக்கும் 741 இரண்டு பக்கமும் 3 வோல்ட் சுமாரில் தலை முட்டிக்கொள்ளும்.

வெளியே அளக்கும் இடத்தில் சிக்னல் குட்டியாக இருப்பதால் இந்த முட்டல் எளிதில் கண்ணில் படாது. பள்ளம் ஆழம் குறைந்தது போலத்தான் தெரியும், நாமும் மறுபடி ரெசிஸ்டரைக் கழற்றி அளந்துகொண்டிருப்போம். உள்ளீட்டைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பள்ளத்தின் வோல்டேஜும் சரிபாதியாகக் குறைந்தால் அது இழப்பு, C/Cs கணக்குக்குத் திரும்பலாம். பாதிக்கும் கீழே இறங்கினால் ப்ரோபை நேராக ஆப்-ஆம்ப்பின் ஆறாவது காலில் வையுங்கள். சைன் அலையின் தலை வெட்டுப்பட்டிருப்பது அங்கேதான் தெரியும்.